ரோட்டுக்கு நம்ம நிலத்தை எடுக்குறாங்களா? எவ்ளோ பணம் வரணும், எங்க எப்போ ஆட்சேபணை போடணும்

பேப்பர்ல ஒரு முழுப் பக்கத்துக்கு கிராமம் கிராமமா சர்வே நம்பரை அடுக்கி பொடி எழுத்துல ஒரு விளம்பரம் வரும், பெரும்பாலும் நாம அதைப் பாக்கவே மாட்டோம், டீக்கடையில யாரோ "ஒங்க நம்பர் வந்திருக்குப்பா"ன்னு சொல்லித்தான் தெரியும். எங்க வீட்லயும் அப்படித்தான் தெரிஞ்சுது, அதுக்குள்ள 17 நாள் போயிடுச்சு. அந்த 17 நாள் எவ்ளோ பெரிய விஷயம்னு அப்புறமாத்தான் புரிஞ்சுது. அதுக்கப்புறம் பக்கத்து ஊர்க்காரங்க பல பேருக்கு மனு எழுதிக் குடுத்திருக்கேன். எல்லாரும் ஒரே எடத்துலதான் தடுக்கி விழறாங்க, அதனால புதுசா இதுல மாட்டுறவங்களுக்காக மொத்தமா எழுதிடலாம்னு தோணுச்சு.

இங்க எழுதுறது தேசிய நெடுஞ்சாலைக்கு எடுக்குற நிலத்தைப் பத்தி, அதாவது 1956 தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம். மாநில நெடுஞ்சாலைக்கு எடுத்தா அது தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001, அதுல 15ஆம் பிரிவுன்னு நோட்டீஸ் வரும், அதுல வழிமுறையும் கெடுவும் வேற. அதனால நோட்டீஸ் கைக்கு வந்ததும் மொதல்ல தலைப்புல எந்தச் சட்டம், எந்தப் பிரிவுன்னு பாருங்க. 3ஏன்னு இருந்தா, அதாவது நிலத்தை எடுக்கப் போறோம்னு சொல்ற மொத அறிவிக்கைன்னா, மேல படிங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு விஷயத்தை மனசுல பதிச்சுக்கோங்க. இதுல ரெண்டு சண்டை இருக்கு, ரெண்டும் வேற வேற. ஒண்ணு "என் நிலத்தை எடுக்காத, இல்லன்னா வேற மாதிரி எடு"ங்குற சண்டை. இன்னொண்ணு "எடுக்குறதுன்னா சரியான பணம் குடு"ங்குற சண்டை. மொத சண்டைக்கு 21 நாள்தான், ரெண்டாவது சண்டை அதுக்கு அப்புறம் வர்ற இழப்பீட்டு விசாரணையிலதான் ஆரம்பிக்கும். ஜனங்க என்ன பண்றாங்கன்னா 21 நாளுக்குள்ள போடுற மனுவுல "சென்டுக்கு 50 ஆயிரம் வேணும்"னு எழுதிட்டு வந்துடுறாங்க, ஆபீஸ்ல "விலை பத்தி இப்ப பேச முடியாது"ன்னு ஒரே வரியில தள்ளிடுறாங்க, அத்தோட மொத வாய்ப்பு போச்சு.

21 நாள் மனு

3ஏ அறிவிக்கை மத்திய அரசிதழ்ல வரும், அதோட சாரத்தை ரெண்டு பேப்பர்ல போடணும், அதுல ஒண்ணு உள்ளூர் மொழிப் பேப்பரா இருக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. 21 நாள் அரசிதழ் தேதியிலேர்ந்துதான் ஓடுது, பேப்பர் தேதியிலேர்ந்து இல்ல. பேப்பர்ல வர்றதுக்குள்ளயே சில நாள் கழிஞ்சிருக்கும். அதனால egazette.gov.in போய் அரசிதழைத் தேடி எடுத்து அதுல இருக்குற தேதியை வெச்சு எண்ணுங்க. bhoomirashi.gov.in தளத்துலயும் திட்டம் வாரியா அறிவிக்கை பாக்கலாம். ஒருவேளை அரசிதழ் கணக்குப்படி நாள் தாண்டிப் போச்சுன்னா சும்மா இருந்துடாதீங்க, பேப்பர்ல வந்த நாள்லேர்ந்து 21 நாளுக்குள்ள போட்டு, "பேப்பர் மூலமா இந்தத் தேதியிலதான் எனக்குத் தெரிய வந்தது"ன்னு மனுவுலயே எழுதிடுங்க. ஏத்துப்பாங்கன்னு உறுதி இல்ல, ஆனா பின்னாடி கோர்ட்டுக்குப் போனா நீங்க ஆட்சேபணையே பண்ணலைன்னு சொல்ல முடியாது.

அறிவிக்கை கைக்கு வந்ததும் மூணு காகிதத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. eservices.tn.gov.in தளத்துல எடுத்த பட்டா சிட்டா, அதே தளத்துல கிடைக்குற புலப்படம், அப்புறம் 3ஏ பட்டியல்ல இருக்குற ஒங்க வரி. சர்வே நம்பர், உட்பிரிவு, நஞ்சையா புஞ்சையா, எடுக்குற பரப்பு, பேரு, எல்லாம் பொருந்துதான்னு பாக்கணும். பட்டாவுல ஹெக்டேர், ஏர்னு இருக்கும், அறிவிக்கையில சதுர மீட்டர்ல இருக்கலாம், நமக்கு சென்ட்லதான் மனசு ஓடும். ஒரு சென்ட் சுமார் 40.47 சதுர மீட்டர், ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ரெண்டரை சென்ட், இதை வெச்சு மாத்திக்கலாம். கிணத்துப் பாசனம் இருக்குற நிலத்தை வெறும் மானாவாரின்னு போட்டிருந்தா அதை இப்பவே சொல்லணும், ஏன்னா பின்னாடி எந்த மாதிரி நிலத்தோட விலையை எடுத்துக்குறதுங்குறது இதுலதான் நிக்கும். அடங்கல் நகலை விஏஓ கிட்ட வாங்கி கடைசி மூணு வருஷம் என்ன பயிர் வெச்சீங்கன்னு காட்டுங்க.

மனுவுல என்ன எழுதலாம்னா, நிலத்தை அந்தக் காரியத்துக்குப் பயன்படுத்துறதுக்கு எதிரான காரணம். பக்கத்துல புறம்போக்கு இருந்தும் பட்டா நிலத்துல வளைக்குறாங்க, பாதை ஏரி வாய்க்காலை அடைக்குது, கிணறு ஒருபக்கமும் தோட்டம் இன்னொரு பக்கமும் ஆயிடும், 15 சென்ட் முக்கோணமா மிஞ்சி ஒண்ணுக்கும் ஆகாது, ஏற்கெனவே இருக்குற ரோட்டையே அகலப்படுத்தினா போதும், இந்த மாதிரி. "எங்க வாழ்வாதாரம்"னு ஒரு பக்கம் உருகி எழுதுறதை விட ஒரு புலப்பட நகல்ல சிவப்புப் பேனாவால ரோடு போற கோட்டைப் போட்டு, கிணறு எங்க, மோட்டார் ரூம் எங்க, பைப் லைன் எங்கன்னு குறிச்சு இணைச்சா விசாரணையில பேச பிடிமானம் கிடைக்கும். முழுசா நிறுத்துறது ரொம்பக் கஷ்டம், இதை நேரடியா சொல்லிடறேன், ஆனா தண்ணி போக ரோட்டுக்குக் கீழ குழாய், மாடு டிராக்டர் போக சுரங்கப்பாதை, சர்வீஸ் ரோடு, உட்பிரிவு திருத்தம் மாதிரி விஷயங்களை இப்பவே எழுத்துல கேட்டு வெச்சா கிடைக்க வாய்ப்பு அதிகம். ரோடு போட்டு முடிச்சப்புறம் குழாய் போட அனுமதி கேட்டு அலைஞ்சவங்களைப் பாத்திருக்கேன், அது தனி நரகம்.

மனுவோட நடை இப்படி இருந்தா போதும்:

"… மாவட்டம், … வட்டம், … கிராமம், சர்வே எண் …ல் எனக்குப் பாத்தியமான … ஏர் நிலம், … தேதியிட்ட 3ஏ அறிவிக்கையில் வரிசை எண் …ஆகச் சேர்க்கப்பட்டுள்ளது. 3சி பிரிவின் கீழ் என் ஆட்சேபணைகள் பின்வருமாறு. 1… 2… 3… மேற்படி காரணங்களை நேரில் விளக்க எனக்கு விசாரணை வாய்ப்பு அளிக்கவும், விசாரணைக்குப் பின் பிறப்பிக்கும் உத்தரவின் நகலைக் காரணங்களுடன் எனக்கு வழங்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

இதை யாருக்கு அனுப்பணும்னா தகுதி பெற்ற அதிகாரிக்கு, அறிவிக்கையிலயே யாருன்னு இருக்கும், தமிழ்நாட்டுல பெரும்பாலும் நில எடுப்புக்கான சிறப்பு மாவட்ட வருவாய் அலுவலர். நேர்ல குடுத்து நகல்ல சீல் போட்டு வாங்குங்க, அதையே சேர்த்ததுக்கான சான்றோட ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்புங்க. ஊரே சேந்து ஒரு மனு போட்டாலும் ஒவ்வொருத்தரும் தனித்தனியாவும் போடணும், ஏன்னா விசாரணைக்கு ஒங்க பேர்ல கூப்பிடணும்னா ஒங்க பேர்ல மனு இருக்கணும்.

நேர்ல பேச வாய்ப்பு குடுக்குறது அவங்க இஷ்டம் இல்ல, 3சி பிரிவுல இருக்கு, நீங்களும் போலாம் வக்கீலையும் அனுப்பலாம். உத்தரவு போட்டுட்டா அது இறுதினு சட்டம் சொல்லுது, மேல்முறையீடு கிடையாது. ஆனா ஹைகோர்ட்டுல ரிட் போடலாம், தென் மாவட்டம்னா மதுரைக் கிளை. அங்க ரோடு வேணுமா வேணாமான்னு ஜட்ஜ் பாக்க மாட்டாங்க, நடைமுறை சரியா நடந்துச்சான்னு பாப்பாங்க, விசாரணை குடுத்தாங்களா, நிலத்தோட விவரம் அறிவிக்கையில சரியா இருந்துச்சா, உத்தரவுல காரணம் இருக்கான்னு. அதுக்கும் 3டி அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடி போறது நல்லது. 3டி வந்த அன்னிக்கே நிலம் மத்திய அரசுக்குப் போயிடுது, நீங்க ஒரு பைசா வாங்காட்டியும். இன்னொரு விஷயம், 3ஏ வந்து ஒரு வருஷத்துக்குள்ள 3டி வரலைன்னா அந்த 3ஏ செத்துப் போயிடும், கோர்ட் தடை இருந்த நாளை மட்டும் கழிச்சுக்குவாங்க. அந்தத் தேதியை காலண்டர்ல குறிச்சு வைங்க.

பணம் எப்படி கணக்கு போடுவாங்க

இதுதான் ரொம்பப் பேருக்குப் புரியாத எடம். 2013ல வந்த புது நில எடுப்புச் சட்டத்துல இருக்குற இழப்பீட்டுக் கணக்கு 2015 ஜனவரி 1லேர்ந்து தேசிய நெடுஞ்சாலைக்கும் பொருந்தும். அதுக்கு முன்னாடி நெடுஞ்சாலைக்கு எடுத்த நிலத்துக்கு, கட்டாயமா எடுக்குறதுக்காக மேல சேத்துக் குடுக்குற ஆறுதல் தொகையே குடுக்காம இருந்தாங்க, 2019ல தர்செம் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் அது பாரபட்சம், அரசியல் சாசனத்துக்கு விரோதம்னு சொல்லிடுச்சு. பழைய கேஸ் வெச்சிருக்குறவங்க அந்தத் தீர்ப்பை வக்கீல்கிட்ட காட்டுங்க.

இப்ப கணக்கு. நிலத்தோட சந்தை மதிப்புக்கு ரெண்டு விலையைப் பாக்கணும். ஒண்ணு பத்திரப் பதிவுக்கு இருக்குற வழிகாட்டி மதிப்பு. இன்னொண்ணு பக்கத்துல அதே மாதிரி நிலங்கள் 3ஏ தேதிக்கு முந்தின மூணு வருஷத்துல பதிவான விலையோட சராசரி. இந்தச் சராசரிக்கு எல்லாப் பத்திரத்தையும் எடுக்கக் கூடாது, இருக்குறதுல அதிக விலை உள்ள பாதியை மட்டும்தான் எடுக்கணும். ரெண்டுல எது அதிகமோ அதுதான் சந்தை மதிப்பு. சட்டம் இப்படித் தெளிவா இருக்கு, ஆனா நடைமுறையில என்ன நடக்குதுன்னா வழிகாட்டி மதிப்பை எடுத்து வெச்சு முடிச்சுடுறாங்க, இல்லன்னா பத்திரப் பட்டியல்ல நல்ல விலை போனதெல்லாம் "மனை", "ரோட்டோரம்", "இது ஒத்துவராது"ன்னு ஒவ்வொண்ணா அடிச்சிட்டு மிச்சத்துல ஒண்ணை டேட்டா லேண்டு, அதாவது விலைக்கு ஆதாரமான நிலம்னு எடுத்துக்குறாங்க.

ஒரு கணக்கைப் போட்டே பாத்துடலாம், எண்ணெல்லாம் நான் எடுத்துக்காட்டுக்கு வெச்சதுதான். ஒருத்தருக்கு 2 ஏக்கர் கிணத்துப் பாசன புஞ்சை, அதுல 80 சென்ட் போகுது. வழிகாட்டி மதிப்பு சென்டுக்கு 6,000 ரூபாய். முந்தின மூணு வருஷத்துல அந்த ஊர்லயும் பக்கத்து ஊர்லயும் அதே மாதிரி நிலத்துக்கு 8 பத்திரம் பதிவாகியிருக்கு, சென்ட் விலை 4,500, 5,000, 6,000, 7,000, 9,000, 10,000, 11,000, 12,000. அதிக விலை உள்ள பாதின்னா கடைசி 4 பத்திரம், கூட்டினா 42,000, சராசரி 10,500. இது 6,000த்தை விட அதிகம், அதனால இதுதான் சந்தை மதிப்பு. 80 சென்டுக்கு 8,40,000.

அடுத்து பெருக்கல் காரணி. கிராமப்புற நிலத்துக்கு 1லேர்ந்து 2 வரைக்கும் இருக்கலாம், நகரத்துலேர்ந்து எவ்ளோ தூரம்னு பாத்து மாநில அரசு நிர்ணயம் பண்ணியிருக்கும். நகர்ப்புறம்னா 1தான். ஒங்க கேஸ்ல எந்தக் காரணி போட்டாங்க, தூரத்தை எங்கேர்ந்து அளந்தாங்கன்னு அவார்டுல, அதாவது அதிகாரி போடுற இழப்பீட்டு உத்தரவுல, தேடிப் பாருங்க. நம்ம கணக்குக்கு 1.25ன்னு வெச்சுக்கலாம், 10,50,000 ஆச்சு.

அதோட நிலத்துல இருக்குற சொத்தைக் கூட்டணும், தென்னை, கிணறு, போர், பைப் லைன், மோட்டார் ரூம். மரத்துக்கு தோட்டக்கலை ஆளுங்களும் கட்டடத்துக்கு இன்ஜினியரும் மதிப்பு போடுவாங்க. அது 1,50,000ன்னு வெச்சா மொத்தம் 12,00,000. இதுக்கு மேல அதே அளவு 100 சதவீதம் ஆறுதல் தொகை, இன்னொரு 12,00,000. ஆக 24,00,000. இன்னும் இருக்கு, 3ஏ தேதியிலேர்ந்து அவார்டு தேதி வரைக்கும், இல்ல நிலத்தை எடுத்துக்கிட்ட தேதி வரைக்கும், எது முன்னாடியோ அதுவரைக்கும், சந்தை மதிப்புக்கு வருஷத்துக்கு 12 சதவீதம் சேரும். இது காரணியால பெருக்காத 8,40,000த்துக்கு. 15 மாசம் ஆச்சுன்னா 1,26,000. எல்லாம் சேத்து 25,26,000.

இப்ப அதே ஆளுக்கு வழிகாட்டி மதிப்பு 6,000த்தையே வெச்சு போட்டா என்ன வரும்? 80 சென்டுக்கு 4,80,000, காரணி போட்டா 6,00,000, சொத்து 1,50,000 சேத்து 7,50,000, ஆறுதல் தொகை சேத்து 15,00,000, கூட 72,000, மொத்தம் 15,72,000. வித்தியாசம் 9,54,000. நிலம் அதேதான், ஆளும் அதேதான். நாலு பத்திரத்தோட நகல் கையில இருக்கா இல்லையாங்குறதுலதான் அந்த ஒன்பதரை லட்சம் இருக்கு.

அதனால பத்திரம் தேடுற வேலையை அவார்டு வர்ற வரைக்கும் தள்ளாதீங்க, 3ஏ வந்த மாசமே ஆரம்பிங்க. tnreginet.gov.in தளத்துல ஒங்க ஊரு, பக்கத்து ஊருன்னு சர்வே நம்பர் போட்டு வில்லங்கம் பாருங்க, ஆன்லைன்ல பாக்க காசு வேணாம். விற்பனைப் பத்திரம் எதுன்னு குறிச்சுக்கிட்டு நல்ல விலை போனதுக்கு மட்டும் சார்பதிவாளர் ஆபீஸ்ல சான்றிட்ட நகல் வாங்குங்க. 3ஏ தேதிக்கு அப்புறம் பதிவானது பிரயோஜனப்படாது. விவசாய நிலமா வித்த பத்திரத்தைத் தேடுங்க, மனை பிரிச்சு வித்ததை அதிகாரி ஈஸியா தள்ளிடுவாரு. ஒவ்வொரு பத்திரத்துக்கும் "ஒங்க நிலத்துலேர்ந்து எவ்ளோ தூரம், என்ன மாதிரி மண், தண்ணி இருக்கா"ன்னு ஒரு வரி எழுதி ஒரு பட்டியலா போட்டு வைங்க. இதுல ஒரு வருத்தமான விஷயம், நாமே பத்திரச் செலவுக்குப் பயந்து வாங்குன விலையைக் கம்மியா போட்டுப் பதிவு பண்ணியிருப்போம், அது இப்ப நம்ம தலையிலயே விழும்.

இன்னொண்ணு கேக்க மறந்துடுற தொகை, நிலத்தை ரெண்டா வெட்டுறதால வர்ற நஷ்டம். மீதி நிலத்துக்கு வர்ற பாதிப்பையும் கணக்குல எடுக்கணும்னு இழப்பீட்டைப் பத்தின 3ஜி பிரிவுல 7ஆம் உட்பிரிவுலயே இருக்கு. நம்ம உதாரணத்துல கிணறு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டா மீதி 1 ஏக்கர் 20 சென்டுல பாதி மானாவாரியா ஆயிடும். புது போர் போட எவ்ளோ, மின் இணைப்பு மாத்த எவ்ளோன்னு கொட்டேஷன் வாங்கி வெச்சாத்தான் அது கேக்கப்படும், வாயால சொன்னா ஒரு ரூபாயும் வராது.

கூட்டு அளவையும் 3ஜி விசாரணையும்

3ஏ வந்தப்புறம் சர்வேயர், வருவாய் ஆளுங்க எல்லாம் சேந்து அளக்க வருவாங்க. அன்னிக்கு கட்டாயம் நிலத்துல இருங்க. எத்தனை தென்னை, எத்தனை வயசு, காய்ப்பு எப்படி, வேப்பமரம் எத்தனை, பைப் எவ்ளோ தூரம்னு நீங்களே ஒரு பட்டியல் வெச்சு அவங்க எழுதுறதோட ஒப்பிட்டுப் பாருங்க. 40 மரத்தை 28ன்னு எழுதியிருந்தா கையெழுத்துக்கு மேல "12 தென்னை விடுபட்டுள்ளது"ன்னு எழுதிட்டு கையெழுத்து போடுங்க, போட மாட்டேன்னு முறைச்சுட்டு வர்றதை விட இது நல்லது. ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் எழுதி போட்டோ, பக்கத்து எல்லைக்கல் தெரியுற மாதிரி வீடியோ. மரம் வெட்டினப்புறம் ஆதாரம் எங்கேர்ந்தும் வராது.

அப்புறம் 3ஜி நோட்டீஸ் பேப்பர்ல வரும், உரிமை உள்ளவங்க வந்து சொல்லுங்கன்னு. பட்டா தாத்தா பேர்லயே இருக்குறவங்க இங்கதான் மாட்டுறாங்க. வாரிசுச் சான்று, பாகப் பத்திரம், கூட்டுப் பட்டாவுல யாருக்கு எவ்ளோங்குறதை அதுக்குள்ள சரி பண்ணிடுங்க. அண்ணன் தம்பிக்குள்ள பங்கு தகராறுன்னா அதிகாரி முடிவு பண்ண மாட்டாரு, விஷயத்தை சிவில் கோர்ட்டுக்கு அனுப்பிடுவாரு, பணமும் அங்க போய் உக்காந்துக்கும், எத்தனை வருஷம்னு யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள்ள உக்காந்து பேசி ஒரு ஒப்பந்தம் எழுதிக்கிறது எவ்ளோ கசப்பா இருந்தாலும் இதை விடப் பரவாயில்ல. பேங்க் கடன் இருந்தா அதையும் சொல்லுங்க.

இந்த விசாரணையிலதான் விலை பத்தி மொத மொதல்ல பேசலாம். பத்திரப் பட்டியல், நகல், மர போட்டோ, கொட்டேஷன் எல்லாத்தையும் எழுத்து மூலமா குடுத்து ஒப்புகை வாங்குங்க.

அவார்டு கம்மியா வந்தா

அவார்டு நகலை வாங்கி, நான் மேல போட்ட வரிசையிலயே ஒவ்வொரு எண்ணா சரிபாருங்க: பரப்பு, சென்ட் விலை எப்படி வந்துச்சு, காரணி, சொத்து மதிப்பு, ஆறுதல் தொகை, 12 சதவீதம் எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும். எந்தப் பத்திரத்தை எடுத்தாங்க, எதை ஏன் தள்ளினாங்கன்னு அதுல இல்லன்னா 10 ரூபாய் கட்டணத்துல தகவல் உரிமைச் சட்டத்துல விற்பனைப் பட்டியல் நகல் கேளுங்க, 30 நாளுக்குள்ள குடுக்கணும்.

பணத்தை வாங்கலாமா வேணாமான்னு எல்லாரும் கேக்குறாங்க. வாங்குங்க. வாங்காம இருக்குறதால நிலம் திரும்பி வராது, பணம் டெபாசிட் ஆனப்புறம் 60 நாள் நோட்டீஸ் குடுத்துட்டு நிலத்தை எடுத்துக்கலாம்னு சட்டமே சொல்லுது. ஆனா ரசீதுலயும் விண்ணப்பத்துலயும் "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன், கூடுதல் இழப்பீடு கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை"ன்னு எழுதிட்டு வாங்குங்க. "முழு சம்மதம்"னு அச்சடிச்ச தாளைக் குடுத்தா அந்த வரியை அடிச்சிட்டு கையெழுத்து போடுங்க.

அடுத்து நடுவர். அவார்டு தொகை ஒத்துக்கலைன்னா தொகையை முடிவு பண்ண மத்திய அரசு நியமிக்கிற ஆள், தமிழ்நாட்டுல வழக்கமா மாவட்ட கலெக்டர். 3ஜி 5ஆம் உட்பிரிவின் கீழ மனுன்னு தலைப்பு போட்டு, அவார்டு எண், தேதி, எவ்ளோ குடுத்தாங்க, நீங்க எவ்ளோ கேக்குறீங்க, எப்படி அந்தத் தொகை வந்துச்சுன்னு கணக்கோட எழுதணும். "நியாயமான விலை வேணும்"னு மட்டும் எழுதுனா நடுவர் என்ன பண்ணுவாரு, இருக்குறதையே உறுதி பண்ணிட்டுப் போயிடுவாரு. இதுக்கு எத்தனை நாள்னு அந்தப் பிரிவுல எழுதலை, அதை நம்பி இழுக்காதீங்க, ரெண்டு மூணு மாசத்துக்குள்ள போட்டுடுங்க. நடுவர் தொகையை உயர்த்தினா உயர்த்துன பகுதிக்கு நிலத்தை எடுத்த நாள்லேர்ந்து டெபாசிட் பண்ற நாள் வரைக்கும் 9 சதவீத வட்டி குடுக்கலாம், மனுவுலயே கேட்டு வைங்க.

இங்க எல்லா ஆதாரமும் போட்டுடணும், ஒண்ணு கூட "கோர்ட்ல பாத்துக்கலாம்"னு கையில வெச்சுக்கக் கூடாது. ஏன்னு சொல்றேன். நடுவர் உத்தரவு பிடிக்கலைன்னா மாவட்ட நீதிமன்றத்துக்கு நடுவர் சட்டம் 34ஆம் பிரிவுல போலாம், உத்தரவு கையில கிடைச்ச நாள்லேர்ந்து 3 மாசம், காரணம் இருந்தா இன்னும் 30 நாள், அதுக்கு மேல ஒரு நாள் கூட கிடையாது, அதனால தபால் கவரைக் கூட தூக்கிப் போடாதீங்க. ஆனா அந்தக் கோர்ட் சாதாரண அப்பீல் கோர்ட் மாதிரி இல்ல. ஹக்கீம் வழக்குன்னு ஒண்ணு, தமிழ்நாட்டுலேர்ந்து போனது, 2021ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. அதுல அதிகாரி வழிகாட்டி மதிப்பை மட்டும் வெச்சு சதுர மீட்டருக்கு 46.55லேர்ந்து 83.15 ரூபாய் வரைக்கும் போட்டிருந்தாரு, நடுவரான கலெக்டரும் அதையே வெச்சாரு, மாவட்ட நீதிமன்றம் அதை 645 ரூபாய்னு உயர்த்துச்சு. சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, 34ஆம் பிரிவுல உத்தரவை ரத்து பண்ணலாம், ஆனா தொகையை மாத்தி எழுத அதிகாரம் இல்லைன்னு. அந்த விவசாயிங்களுக்கு அநியாயமா கம்மியா குடுத்திருந்ததால உயர்த்துன தொகையில மட்டும் கை வைக்காம விட்டுடுச்சு. 2025ல அரசியல் சாசன அமர்வு ஒண்ணு எழுத்துப் பிழை, கணக்குப் பிழை, தனியா பிரிச்செடுக்க முடியுற பகுதி, வட்டி மாதிரி குறிப்பிட்ட விஷயத்துல கோர்ட் திருத்தலாம்னு கொஞ்சம் கதவைத் திறந்திருக்கு. அவ்ளோதான். சென்ட் விலை 6,000மா 10,500ஆன்னு ஆதாரத்தை மறுபடி எடை போட கோர்ட் உக்காராது, ரத்து பண்ணினா விஷயம் திரும்ப கலெக்டர்கிட்டயே வரும், அதுக்குள்ள ரெண்டு மூணு வருஷம் ஓடியிருக்கும். அதனால விலைக்கான உண்மையான சண்டை நடக்குற எடம் நடுவர் முன்னாடிதான், வக்கீல் வைக்கணும்னா இங்க வைங்க.

வரி பத்தி ஒரு வரி. 2013 சட்டம் 96ஆம் பிரிவுப்படி இந்த இழப்பீட்டுக்கு வருமான வரி கிடையாது, 2016 அக்டோபர்ல நேரடி வரிகள் வாரியம் 36/2016 சுற்றறிக்கையில தெளிவாவும் சொல்லியிருக்கு. யாராவது வரி பிடிச்சா அதைக் காட்டுங்க. வட்டிப் பகுதிக்கு மட்டும் ஆடிட்டரைக் கேட்டுக்கோங்க.

கடைசியா பட்டா. சேலம் சென்னை எட்டு வழிச்சாலை வழக்குல 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் 3ஏ அறிவிக்கை செல்லும்னு சொன்னாலும், நில எடுப்பு முடியுறதுக்கு முன்னாடியே வருவாய்ப் பதிவேட்டுல பேரை மாத்தினது தப்பு, திரும்ப உரிமையாளர் பேருக்கே மாத்தணும்னு சொன்ன ஹைகோர்ட் உத்தரவை ஏத்துக்கிச்சு. அதனால 3ஏ கட்டத்துலயே ஒங்க பட்டாவுல அரசு பேர் ஏறியிருந்தா அந்தத் தீர்ப்பைச் சொல்லி தாசில்தாருக்கு மனு குடுங்க. எல்லாம் முடிஞ்சப்புறமும் ஒரு தடவை பாத்துக்கோங்க, 80 சென்ட் மட்டும் உட்பிரிவு ஆகி அரசு பேருக்குப் போயிருக்கா, இல்ல முழு 2 ஏக்கரையும் தூக்கிட்டாங்களான்னு. மீதி 1 ஏக்கர் 20 சென்டுக்கு ஒங்க பேர்ல புது உட்பிரிவு நம்பரோட பட்டாவும் புலப்படமும் கையில வாங்கினப்புறம்தான் அந்த பைலை மூடணும்.